செல்வி அத்தோ கடை: ஏஐ படத்தில் தமிழ் போர்டு ஏன் சொதப்புகிறது, ப்ராம்ப்டை எப்படி எழுதுவது

சென்னை வியாசர்பாடியில் ஒரு அத்தோ கடை, அதாவது பர்மா நூடுல்ஸ் கடை, திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திறப்பு விழாவுக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் சுற்றவிட ஒரு படம் வேண்டும். மாலை வெளிச்சம், தள்ளுவண்டி, ஆவி பறக்கும் சூப் பாத்திரம், மேலே 'செல்வி அத்தோ கடை' என்று பெயின்ட் அடித்த போர்டு. படம் வரையும் ஏஐயிடம் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் கேட்பார்கள்: 'சென்னையில் ஒரு அத்தோ கடை, மேலே தமிழில் செல்வி அத்தோ கடை என்று எழுதியிருக்க வேண்டும்.' வண்டி அழகாக வந்துவிடும். பக்கத்துச் சுவரின் காரை பெயர்ந்த இடம்கூட அசலாக இருக்கும். போர்டில் மட்டும் தமிழும் இல்லாத, மலையாளமும் இல்லாத ஏதோ ஒன்று சுருண்டு கிடக்கும்.

இதை 'ஏஐக்குத் தமிழ் தெரியாது' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எந்த இடத்தில் தெரியவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் ப்ராம்ப்டில் எதை மாற்றினால் பலன் இருக்கும், எதை மாற்றினாலும் பலன் இருக்காது என்பது புரியும். சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, நாம் தட்டிய எழுத்து உள்ளே போய்ச் சேருகிறதா என்பது. இன்னொன்று, போய்ச் சேர்ந்தாலும் அதை வரையப் படத்தில் இடம் இருக்கிறதா என்பது.

முதலில் போய்ச் சேருவதைப் பார்ப்போம். 'SELVI ATHO KADAI' என்று ஆங்கிலத்தில் தட்டினால் இடைவெளிகளை விட்டுவிட்டு 14 எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 14 பைட். 'செல்வி அத்தோ கடை' என்பதை நாம் எட்டு எழுத்தாகப் படிக்கிறோம்: செ, ல், வி, அ, த், தோ, க, டை. யூனிகோடு இதை 14 குறிகளாகச் சேமிக்கிறது. 'செ' என்பது ச, அதற்குப் பின்னால் ஒற்றைக்கொம்பு. 'ல்' என்பது ல, அதற்குப் பின்னால் புள்ளி. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதால் மொத்தம் 42 பைட். ஆங்கிலத்தில் எழுதியதைப் போல மூன்று மடங்கு.

ப்ராம்ப்டை உள்ளே வாங்கிப் படிக்கும் பகுதி இந்தக் குறிகளைத் துண்டுதுண்டாக எடுத்துக்கொள்ளும். எந்தத் துண்டு பழக்கமானது என்பது அதற்குப் பயிற்சி கொடுத்த மொழிகளைப் பொறுத்தது. படம் வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷனின் ஆரம்பகால மாடல்கள் கிளிப் என்ற படிப்பானை நம்பியிருந்தன. அது 77 துண்டுக்கு மேல் வாங்காது. அதிலும் முதலும் கடைசியும் அதற்கே போய்விடும். ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு துண்டு, இரண்டு துண்டு போதும். தமிழ்ப் பெயரோ நொறுங்கி அந்த 77-இல் பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும். பிறகு வந்த ஃபிளக்ஸ் 1, ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3 ஆகியவற்றில் டி5 என்ற பெரிய படிப்பானைச் சேர்த்தார்கள். ஆங்கில எழுத்துகள் போர்டில் திடீரென்று சுத்தமாக வரத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த டி5-இன் சொற்பட்டியல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ருமேனியன் ஆகிய மொழிகளை மனதில் வைத்துத் தயாரானது. தமிழ் எழுத்தைக் கொடுத்தால் 'தெரியாத குறி' என்று ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறது. செல்வி என்றாலும் ஒன்றுதான், முருகன் என்றாலும் ஒன்றுதான். அந்த வழியில் எவ்வளவு நயமாக ப்ராம்ப்ட் எழுதினாலும் பெயர் உள்ளே போகவே இல்லை.

2025-இல் வந்த உரையாடல் வகைக் கருவிகள் வேறு ரகம். ஜிபிடி-4ஓ-வின் படம் வரையும் வசதி, ஜெமினி 2.5 ஃபிளாஷ் இமேஜ் போன்றவற்றில் பல மொழி தெரிந்த ஒரு மாடலே படத்தையும் கையாளுகிறது. தமிழைப் படித்துவிடும். சின்னப் பெயர்களைப் பலமுறை சரியாகவே எழுதியும் விடும். அதனால் வேலையைத் தொடங்கும் முன் உங்கள் கையில் இருக்கும் கருவி எந்த ரகம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு வண்டியும் வேண்டாம், தெருவும் வேண்டாம். வெள்ளைப் பலகையில் கறுப்பில் 'தோ' என்று ஒரே ஒரு எழுத்தை மட்டும் கேளுங்கள். தோ-வில் இரட்டைக்கொம்பு, த, கால் என்று மூன்று உருவம் வரிசையாக வர வேண்டும். அப்புறம் 'ழ்' கேளுங்கள். இந்த இரண்டையும் வரையத் தெரியாத கருவியிடம் முழுப் பெயரைக் கேட்டுப் போராடுவது வீண். அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சரி, கருவி தமிழைப் படிக்கிறது. அடுத்த கேள்வி இடம். ப்ராம்ப்ட் எழுதுகிறவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் இதுதான்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற டிஃப்யூஷன் வகை மாடல்கள் பெரும்பாலும் படத்தை நேரடியாக பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. சுருக்கப்பட்ட ஒரு சின்னக் கட்டத்தாளில் வரைந்து, கடைசியில் பெரிதாக்குகின்றன. பரவலாகப் புழங்கும் மாடல்களில் ஒரு கட்டத்துக்கு எட்டுக்கு எட்டு பிக்சல். இப்போது நம் போர்டை இதில் வைத்துப் பார்ப்போம். படத்தின் அகலம் 1024 பிக்சல். போர்டு அதில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக, 700 பிக்சல் பிடிக்கிறது. எட்டு எழுத்துதானே என்று நினைக்கக் கூடாது. கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணினால் பெயரில் 12 உருவங்கள் இருக்கின்றன. இரண்டு இடைவெளியையும் சேர்த்தால் 14 இடம். ஒன்றுக்கு 50 பிக்சல் கிடைக்கும். 50 பிக்சல் உயர எழுத்தின் மேல் வரும் புள்ளி ஏறக்குறைய எட்டு பிக்சல் இருக்கும். அதாவது ஒரே ஒரு கட்டம். அந்த ஒரு கட்டம் தப்பினால் 'அத்தோ' என்பது 'அததோ' ஆகிவிடும்.

அதே போர்டில் பெயரை இரண்டு வரியாக உடைத்துவிடுங்கள். மேலே 'செல்வி', கீழே 'அத்தோ கடை'. நீளமான கீழ் வரியில்கூட இடைவெளியோடு ஒன்பது இடம்தான். ஒன்றுக்கு 78 பிக்சல் கிடைக்கிறது, புள்ளிக்கு ஒன்றரைக் கட்டம். பெரிய வித்தியாசமாகத் தெரியாது, ஆனால் பிழைப்பதும் சாவதும் இந்த அளவில்தான் நடக்கிறது. மாறாக, தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பது போலக் கேட்டு, போர்டு 200 பிக்சலுக்குச் சுருங்கிப்போனால் புள்ளிக்கு இரண்டு மூன்று பிக்சல்தான் மிஞ்சும். கட்டத்தைவிடப் புள்ளி சின்னது. 'தெளிவாக எழுது', 'பிழையில்லாமல் எழுது' என்று பத்து தடவை கெஞ்சினாலும் ஒன்றும் நடக்காது. 'தெளிவாக' என்று எழுதுவதற்குப் பதிலாக 'போர்டு படத்தின் அகலத்தில் முக்கால் பங்கு' என்று எழுதினால்தான் மாடலுக்கு எதையாவது செய்ய வழி இருக்கும்.

பெயரைத் தவிர வேறு எதையும் போர்டில் கேட்காமல் இருப்பதும் இதே கணக்குதான். ஒவ்வொரு எழுத்தும் சரியாக வர நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எட்டு எழுத்தும் சேர்ந்து சரியாக வருவது நூற்றுக்கு 43 படத்தில். அதன் கீழே 'இங்கு பேஜோ, முட்டை மசாலா கிடைக்கும்' என்று ஒரு வரி சேர்த்தால் 24 எழுத்து ஆகிறது. வாய்ப்பு நூற்றுக்கு எட்டாக விழுந்துவிடுகிறது. செல்போன் நம்பர், 'வேறு கிளைகள் கிடையாது', 'ப்ரொப்ரைட்டர்' எல்லாம் வேண்டும் என்றால் அவற்றை மாடலிடம் கேட்கவே கூடாது. பின்னால் கையால் ஏற்ற வேண்டும்.

இப்போது ப்ராம்ப்டை எழுதலாம். உரையாடல் வகைக் கருவிக்கு நான் இப்படி எழுதுவேன்:

```
நேர் எதிரே நின்று எடுத்த புகைப்படம். தெருவோர உணவுத் தள்ளுவண்டி,
வடசென்னை, மாலை வெளிச்சம்.
வண்டிக்கு மேலே ஒரே ஒரு தகரப் போர்டு. படத்தின் அகலத்தில் முக்கால் பங்கு.
மஞ்சள் பின்னணி, அடர்சிவப்புப் பெயின்ட், தடித்த நேரான எழுத்து.
போர்டில் தமிழ் எழுத்தில் இரண்டு வரி மட்டும்:
வரி 1: "செல்வி"
வரி 2: "அத்தோ கடை"
மேற்கோளுக்குள் இருப்பதை மாற்றாதே, மொழிபெயர்க்காதே, எதையும் சேர்க்காதே.
சுவர், வண்டி, டப்பா, உடை எதிலும் எழுத்து வேண்டாம்.
வண்டியில்: ஆரஞ்சு நிறத் தடித்த நூடுல்ஸ் குவியல், நறுக்கிய முட்டைகோஸ்,
வறுத்த வெங்காயம், அலுமினியப் பாத்திரத்தில் சூப்.
```

இதில் சில வரிகள் எதற்கு என்று சொல்ல வேண்டும். பெயரைத் தமிழ் எழுத்திலேயே, மேற்கோளுக்குள் கொடுத்திருக்கிறேன். 'செல்வி அத்தோ கடை' என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்து 'தமிழில் எழுது' என்றால் எழுத்துப்பெயர்ப்பு வேலையும் மாடல் தலையில் விழுகிறது. 'atho' என்பதை அத்தோ என்றும் எழுதலாம், அதோ என்றும் எழுதலாம். மாற்றாதே, மொழிபெயர்க்காதே என்ற வரிக்கும் காரணம் உண்டு. பல கருவிகள் நாம் எழுதியதை அப்படியே வரையும் பகுதிக்கு அனுப்புவதில்லை. நடுவில் ஒரு மொழி மாடல் அதை விரித்து எழுதி அனுப்பும். 2023-இல் டால்-ஈ 3 சாட்ஜிபிடிக்குள் வந்தபோதே இந்த ஏற்பாடு இருந்தது. அந்த நடுவாள் பெயரை ஆங்கிலமாக்கிவிடலாம், அல்லது அத்தோ என்பதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் 'திருத்தி'விடலாம். திருத்தி அனுப்பிய ப்ராம்ப்டைக் காட்டும் வசதி இருந்தால் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

உணவை விவரித்திருப்பது சுவைக்காக அல்ல. அத்தோ என்றால் பாரிமுனை பக்கமும் வியாசர்பாடியிலும் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. மாடலுக்கு அந்தப் பெயர் பெரும்பாலும் தெரியாது. நூடுல்ஸ் என்று மட்டும் சொன்னால் கற்ற படங்களிலிருந்து அதற்குத் தெரிந்த நூடுல்ஸ் கடையை எடுத்துவிடும், கூடவே சிவப்புக் காகித விளக்கும் போர்டில் சீன எழுத்துச் சாயலும் எட்டிப் பார்க்கும். 'இந்தியத் தெருக்கடை' என்றால் எழுத்துக்கு மேலே தேவநாகரிக் கோடு முளைக்கும். காட்சிக்கு நாம் போடும் சொற்கள் எழுத்தின் உருவத்தையும் தங்கள் பக்கம் இழுக்கின்றன. அதனால்தான் இடம், பொருள், நிறம் ஆகியவற்றைச் சாதாரணச் சொற்களில் சொல்லிவிட்டு, 'தமிழ் எழுத்தில்' என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

'எதிலும் எழுத்து வேண்டாம்' என்ற வரி அவசியம். எம்.சி. ரோடு மாதிரி ஒரு கடைத்தெருவைக் கேட்டால் மாடல் எல்லாக் கடைக்கும் போர்டு மாட்டும். அத்தனையும் கிறுக்கல். நம் போர்டு சரியாக இருந்தாலும் பின்னால் இருக்கும் கிறுக்கலால் படமே போலியாகத் தெரியும். கூட்டமான தெருவைவிட வெற்றுச் சுவருக்கு முன்னால் ஒரு வண்டி என்று கேட்பது புத்திசாலித்தனம். நேர் எதிரே நின்று எடுத்த கோணமும் அப்படித்தான். பக்கவாட்டில் சாய்ந்தால் தூரத்து எழுத்துகள் சுருங்கி, மேலே போட்ட பிக்சல் கணக்கு அந்தப் பக்கம் கெட்டுவிடும்.

எழுத்தின் பாணியில் ஆசைப்படாமல் இருப்பது நல்லது. பழைய சினிமா பேனர் ஓவியர்களின் வளைந்த, நிழல் வைத்த எழுத்து கண்ணுக்கு அழகுதான். ஆனால் நிழலும் கொம்பும் ஒட்டிக்கொண்டால் எது எது என்று தெரியாது. '1970-களின் போர்டு' என்று கேட்பவர்களுக்கு இன்னொரு வம்பு. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் லை, னை, றா, ணா போன்றவை வேறு உருவத்தில் இருந்தன. அந்தப் பழைய உருவங்களுக்கு யூனிகோடில் தனிக் குறி கிடையாது, அது எழுத்துருவின் வேலை. ஆகவே ப்ராம்ப்டில் அவற்றைத் தட்டவே முடியாது. நம் பெயரில் அந்த எழுத்துகள் இல்லை என்பதால் தப்பித்தோம்.

ஆங்கிலப் பெயரும் வேண்டும் என்றால் அளவைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மாடல் ஆங்கிலத்தைப் பெரிதாகவும் தமிழை ஓரமாகவும் போடும், ஏனென்றால் ஆங்கிலம்தான் அதற்குச் சுலபம். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்ற விகிதம் சொல்லப்படுகிறது. வாட்ஸ்அப் படத்துக்கு யாரும் அபராதம் போட மாட்டார்கள். ஆனால் அந்தப் படத்தையே காட்டி 'இதே மாதிரி போர்டு அடிங்க' என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே அந்த அளவில் கேட்டுவிடலாம்.

படங்கள் வந்துவிட்டன. சரியா என்று பார்ப்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். நமக்குத் தெரிந்த பெயரைக் கண் தானாகவே திருத்திப் படித்துவிடும். படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி, கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி, ஒவ்வொன்றாகப் படியுங்கள்: டை, க, தோ, த், அ. சொல்லாகப் படிக்காமல் உருவமாகப் பார்க்க வேண்டும். இந்தப் பெயரில் பார்க்க வேண்டிய இடங்களும் தெரிந்தவைதான். ல் மேலும் த் மேலும் புள்ளி இருக்கிறதா, அல்லது பக்கத்து எழுத்தின் மேல் நகர்ந்திருக்கிறதா? தோ-வின் கொம்பு இரட்டையா, ஒற்றையா? ஒற்றையாக இருந்தால் அது 'தொ'. கால் தனியாக நிற்கிறதா, அடியில் ஒரு கீற்று விழுந்து 'ர' ஆகிவிட்டதா? டை-யின் இணைக்கொம்பு ட-வுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் போய்விட்டதா? இரட்டிப்பதும் அடிக்கடி நடக்கும், 'கடடை' என்று. டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளில் தமிழும் உண்டு. நிறைய படங்களிலிருந்து மோசமானவற்றைக் கழித்துக்கட்ட உதவும். ஆனால் அதுவும் நம் கண்ணைப் போலவே தெரிந்த சொல்லுக்குச் சாயும், கடைசித் தீர்ப்பை அதனிடம் விடாதீர்கள்.

ஒரே ஒரு எழுத்து மட்டும் தவறு என்றால் முழுப் படத்தையும் மறுபடி வரையச் சொல்ல வேண்டாம். அடுத்த படத்தில் அந்த எழுத்து சரியாகி இன்னொன்று கெட்டிருக்கும். போர்டின் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்து திரும்ப வரையச் சொல்லுங்கள். சொல்லும்போது 'த் மேல் புள்ளி இல்லை' என்று குறையைச் சொல்வதைவிட அந்த வரி முழுவதையும் மறுபடி மேற்கோளில் கொடுப்பது மேல். இரண்டு மூன்று தடவையில் வரவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

நிறுத்திவிட்டு என்ன செய்வது? முன்னால் சொன்ன வேறு வழி இதுதான். ப்ராம்ப்டில் எழுத்தைக் கேட்காமல் 'எழுத்தில்லாத வெற்று மஞ்சள் தகரப் போர்டு' என்று கேளுங்கள். பெயரை ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில் எழுத்துருவில் நீங்களே ஏற்றுங்கள். ஒட்டவைத்தது போலத் தெரியாமல் இருக்க, எழுத்தை 'மல்டிப்ளை' முறையில் கலந்தால் தகரத்தின் கறையும் கீறலும் எழுத்துக்குள்ளும் தெரியும். இன்னும் அசலாக வேண்டும் என்றால் அந்தப் படத்தையே மறுபடி மாடலுக்குக் கொடுத்து, போர்டை மட்டும் லேசாகத் திரும்ப வரையச் சொல்லலாம். திரும்ப வரையும் வலிமையை 0.3 பக்கம் வைத்தால் பெயின்ட் தன்மை ஏறும், எழுத்து பெரும்பாலும் நிற்கும். 0.6 தாண்டினால் கொம்பெல்லாம் உருகத் தொடங்கிவிடும். டி5 வகை மாடல்களுக்கும் இதுவே வழி, ஏனென்றால் இந்த வழியில் பெயர் சொல்லாகப் போகாமல் படமாகப் போகிறது.

ஏற்றும்போதும் ஒரு பொறி இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை ஆன் செய்யாவிட்டால் 'செ'யில் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் சேமித்த வரிசையை அப்படியே கொட்டிவிடுகிறது, அவ்வளவுதான். ஏஐ சொதப்பியது என்று அதைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைகளில் பல இன்னமும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டுகின்றன. அங்கே தட்டியதைக் காப்பி செய்து ப்ராம்ப்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் போகும், போர்டிலும் அதுவே வரும். பெயரை உங்கள் போனில் தமிழ்க் கீபோர்டில் தட்டிக்கொள்ளுங்கள். படத்தை ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொடுக்கும்போது வெற்றுப் போர்டு படத்தைத் தனியாகவும், பெயரை வெக்டர் கோட்டுருவாக மாற்றிய கோப்பைத் தனியாகவும் கொடுத்தால் அவர்களிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. 1024 பிக்சல் படத்தைப் பத்தடி அகலத்துக்கு இழுத்தால் வண்டி மங்கலாகத்தான் தெரியும், ஆனால் கோட்டுருவில் இருக்கும் பெயர் எவ்வளவு இழுத்தாலும் கூர்மையாகவே நிற்கும்.